விற்பனைத் தரவுத்தளத்தை வாசிக்க மட்டும் அனுமதி கேட்டேன், ஐ.ரி. பிரிவு மறுத்துவிட்டது. குறிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

மழைநாள்_கணக்கு

கொழும்பில் ஒரு விநியோகக் கம்பனியில் விற்பனை அறிக்கை தயாரிப்பது என் வேலை. காலை 8.30 கூட்டத்துக்கு முன்பு, நேற்றைய விற்பனை கிளை வாரியாகவும் பிரதிநிதி வாரியாகவும் முகாமையாளரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். இப்போது ஐ.ரி. பிரிவில் ஒரு தம்பி விற்பனை மென்பொருளிலிருந்து தரவை எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறார். நான் அதை எக்செலில் ஒட்டி பிவட் போடுகிறேன். அவர் லீவு என்றால் அன்றைக்கு அறிக்கையும் லீவு.

அதனால் ஐ.ரி. பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான், இங்கே தமிழில் தருகிறேன்:

> வணக்கம். அறிக்கைத் தேவைகளுக்காக விற்பனைத் தரவுத்தளத்துக்கு எனக்கு அனுமதி வேண்டும். வாசிக்க மட்டும் முடிந்தால் போதும். கொஞ்சம் அவசரம், இந்தக் கிழமைக்குள் தந்தால் உதவியாக இருக்கும்.

வந்த பதில் ஒரே வரி: ஓடிக்கொண்டிருக்கும் சேர்வருக்கு நேரடி அனுமதி கொடுப்பதில்லை.

எழுதவோ அழிக்கவோ நான் கேட்கவில்லையே. பார்ப்பதில் என்ன ஆபத்து? எங்கள் மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வரில் ஓடுகிறது, வெளிக் கம்பனி ஒன்று செய்து கொடுத்தது. குறிப்பில் என்ன குறை என்று சொல்லுங்கள்.

புறக்கோட்டைப்_பொடியன்

குறிப்பில் குறை இல்லை அக்கா, ஆட்களில்தான் குறை. தரவு தங்கள் கையை விட்டுப் போனால் மதிப்பும் போய்விடும் என்று பயம். எஸ்கியூஎல் சேர்வரில் `db_datareader` என்று ஆயத்தமாகவே ஒரு ரோல் இருக்கிறது. அதில் உங்களைச் சேர்த்தால் வாசிக்கலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஒரு நிமிட வேலை. அந்தப் பெயரைக் குறிப்பில் போட்டுக் கேளுங்கள், விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துத் தந்துவிடுவார்கள்.

இரவுநேர_சேர்வர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன், தரவுத்தள நிர்வாகம்தான் தொழில். அந்தக் குறிப்பு எனக்கு வந்திருந்தாலும் மறுத்திருப்பேன். ஆனால் ஒரு வரியில் மறுத்தது சரியில்லை.

பொடியன் சொன்னதில் பாதி உண்மை. `db_datareader` இருந்தால் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அது அந்தத் தரவுத்தளத்தில் உள்ள எல்லா அட்டவணையையும் திறந்துவிடும், நாளைக்குப் புதிதாக உருவாக்கப் போகும் அட்டவணையையும் சேர்த்து. நடுத்தரக் கம்பனிகளில் விற்பனைத் தரவுத்தளம் என்ற பெயரில் இருப்பதற்குள் பிரதிநிதிகளின் கமிஷன், வாடிக்கையாளரின் கடன் எல்லை, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது கிளை, பிரதிநிதி, பொருள், தொகை. மற்றதையும் திறந்துவிட்டு நாளைக்கு ஏதாவது வெளியே போனால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி என்னைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது காரணம் வேகம். எஸ்கியூஎல் சேர்வரைச் சாதாரணமாக நிறுவினால், வாசிப்பவரும் பூட்டுப் போடுவார். நீங்கள் ஒரு பக்கத்தை வாசிக்கும்போது அதில் எழுத வருபவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டும் கணப்பொழுதுதான், சின்ன வினவல் என்றால் யாருக்கும் தெரியாது. பிரச்சினை எங்கே வருகிறதென்றால், வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நிற்கும்போது. நான் பார்த்த ஒரு சம்பவம்: மதியத்துக்குப் பிறகு ஒரு கிளையில் இன்வொய்ஸ் அடிக்க முடியவில்லை, திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. `sp_who2` ஓட்டிப் பார்த்தால், காத்திருக்கும் எல்லோருக்கும் `BlkBy` நிரலில் ஒரே இலக்கம். அந்த இலக்கத்துக்குரியவர் கணக்குப் பிரிவில் ஒருவர், வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவர். இன்வொய்ஸ் அட்டவணையை அக்சஸில் திறந்து, முதல் திரையைப் பார்த்துவிட்டு, கீழே போகாமல் சாப்பிடப் போய்விட்டார். அக்சஸ் முதல் கொஞ்ச வரிகளை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை வாங்காமல் நிற்கிறது, சேர்வர் நின்ற இடத்துப் பூட்டை விடாமல் காத்திருக்கிறது. அவருடைய இணைப்பில் தெரிந்த காத்திருப்பு `ASYNC_NETWORK_IO`. கொடுக்கத் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை என்று பொருள்.

உங்கள் ஐ.ரி. பிரிவு இதில் ஏதோ ஒன்றை அனுபவித்திருக்கும். உங்கள் குறிப்பில் எந்தத் தரவு, எத்தனை மணிக்கு, எந்தக் கருவியால், எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. அதனால் அவர்கள் மோசமானதைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

மேசைவிளக்கு

எங்கள் அலுவலகத்திலும் இதே பிரச்சினை. விற்பனைக் கோப்பை யாராவது திறந்து வைத்திருந்தால் எனக்கு வாசிக்க மட்டும்தான் திறக்கிறது, சேமிக்க விடுவதில்லை. ஐ.ரி.யிடம் சொன்னால் பகிர்வுக் கோப்புறையைப் பார்க்கிறோம் என்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறதா?

புறக்கோட்டைப்_பொடியன்

அது எக்செல் கோப்பு விவகாரம் அண்ணா, இங்கே கதைப்பது தரவுத்தளம். தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.

இரவுநேர அண்ணா, பூட்டுத்தான் பிரச்சினை என்றால் வினவலில் `NOLOCK` போட்டால் முடிந்ததுதானே? நான் எல்லா அறிக்கையிலும் போடுகிறேன், ஒருவரும் முறைப்பாடு சொன்னதில்லை. அதோடு இணைப்பு வரியில் `ApplicationIntent=ReadOnly` என்று எழுதிவிட்டால் தானாகவே வாசிக்க மட்டும் ஆகிவிடும். அனுமதியே தனியாகத் தேவையில்லை.

இரவுநேர_சேர்வர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது ஆபத்தான நம்பிக்கை. `ApplicationIntent=ReadOnly` அனுமதி அல்ல. பிரதிச் சேர்வர் இருந்தால் என்னை அங்கே அனுப்பு என்று கேட்பது மட்டும்தான். ஒற்றைச் சேர்வரில் அதை எழுதினாலும் ஒன்றும் மாறாது. எழுதும் உரிமை உள்ள கணக்கால் நுழைந்தால் `DELETE` ஓடத்தான் செய்யும்.

`NOLOCK` பூட்டைத் தவிர்க்கும், சரி. அதற்கு விலை உண்டு. எழுதி முடியாத இன்வொய்ஸையும் வாசிக்கும். அது பிறகு திரும்பிப் போனால், நடக்காத விற்பனை உங்கள் அறிக்கையில் இருக்கும். இன்னும் மோசம், நீங்கள் வாசிக்கும் நேரத்தில் வரிகள் வேறு பக்கத்துக்கு நகர்ந்தால் ஒரே வரி இரண்டு தரம் வரலாம், வராமலும் போகலாம். யாரும் முறைப்பாடு சொல்லவில்லை என்றால், யாரும் கணக்குப் பிரிவின் தொகையோடு ஒப்பிடவில்லை என்றுதான் நான் எடுப்பேன். பகலில் கிட்டத்தட்ட எவ்வளவு என்று பார்க்க அது போதும். கமிஷன் கணக்குக்குப் போகும் அறிக்கையில் போடக்கூடாது.

இதற்குச் சரியான அமைப்பு `READ_COMMITTED_SNAPSHOT`. அதை இயக்கினால் வாசிப்பவருக்கு மாற்றத்துக்கு முந்திய பிரதி கிடைக்கும், எழுதுபவர் காத்திருக்க மாட்டார். அந்தப் பழைய பிரதிகள் சாதாரணமாக tempdb-யில் இடம் பிடிக்கும். வெளிக் கம்பனி செய்த மென்பொருள் என்றால் அவர்களைக் கேட்காமல் இதை மாற்ற எந்த ஐ.ரி. பிரிவும் துணியாது, துணியவும் கூடாது.

புறக்கோட்டைப்_பொடியன்

கமிஷனுக்கும் அதே வினவலைத்தான் ஓட்டுகிறேன். இன்றைக்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் பாதி ஐ.ரி. பிரிவுகள் பூட்டைப் பற்றி யோசித்து மறுப்பதில்லை, சோம்பலில் மறுக்கின்றன. அதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பேலியகொடை_விடியல்

நான் மெனிங் சந்தைப் பக்கம் மொத்த மரக்கறி வியாபாரத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு அனுமதி சுலபமாகக் கிடைத்தது, முதலாளியே ஐ.ரி. ஆள்மாதிரித்தான். ஆனால் கிடைத்த பிறகு கணக்கு பொருந்தவில்லை. திங்கள் விற்பனையில் பெரிய பங்கு ஞாயிறில் விழுந்திருந்தது, ஞாயிறு நாங்கள் வியாபாரமே செய்யாத வாரத்திலும்கூட.

காரணம் நேரம். மென்பொருள் இன்வொய்ஸ் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரம் அதற்கு 5.30 மணி முன்னால். விடியற்காலை 5.30க்கு முன் அடிக்கும் பில் எல்லாம் தரவுத்தளத்தில் முந்தைய நாள் திகதியில் இருக்கும். எங்கள் வியாபாரம் சூடாக நடப்பதே அந்த நேரத்தில்தான். மென்பொருளின் திரையில் சரியாகத் தெரியும், ஏனென்றால் அது மாற்றிக் காட்டுகிறது. நேரடியாக அட்டவணையை வாசித்தால் மாற்றுவது உங்கள் பொறுப்பு. அனுமதி கேட்கும்போதே திகதி எந்த நேரத்தில் சேமிக்கப்படுகிறது என்று ஒரு கேள்வியும் போட்டுவிடுங்கள்.

மழைநாள்_கணக்கு

எங்கள் கிளைகள் 8 மணிக்குத்தான் திறக்கும், அதனால் அந்தச் சிக்கல் எனக்கு இருக்காது என்று நினைக்கிறேன். கேட்டு வைக்கிறேன்.

இரவுநேர அண்ணா, சம்பவத்தை வாசித்த பிறகு ஐ.ரி. மீது கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: எனக்கு இன்றைய விற்பனை தேவையே இல்லை. நேற்று இரவு வரை இருந்தால் போதும். ஒப்பிடுவதற்குப் போன வருடத்து அதே மாதமும் வேண்டும்.

இரவுநேர_சேர்வர்

அப்படியென்றால் நீங்கள் கேட்டதே தவறான பொருள். ஓடும் சேர்வரை விட்டுவிடுங்கள், பிரதியைக் கேளுங்கள்.

இரவு முழுக் காப்புப் பிரதி எப்படியும் எடுப்பார்கள். அதை விடியுமுன் வேறொரு சேர்வரில் மீட்டெடுத்தால், காலை 7 மணிக்கு நேற்றைய முழுத் தரவும் அங்கே இருக்கும். நீங்கள் எவ்வளவு கனமான வினவல் ஓட்டினாலும் கிளையில் பில் அடிப்பவருக்குத் தெரியாது. ஐ.ரி. பிரிவுக்கும் இதில் லாபம் உண்டு, குறிப்பில் அதை எழுதுங்கள்: காப்புப் பிரதி உண்மையிலேயே மீள்கிறதா என்று தினமும் சோதித்த மாதிரி ஆகிவிடும். பல இடங்களில் காப்புப் பிரதி எடுப்பார்கள், மீட்டுப் பார்த்தது இருக்காது.

இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று உரிமம். 2022 வரை வந்த இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது, அதைவிடப் பெரியதை அதில் மீட்டெடுக்கவும் முடியாது. டெவலப்பர் பதிப்பும் இலவசம், ஆனால் கம்பனியின் அன்றாட அறிக்கைக்கு அதைப் பயன்படுத்த உரிமம் இடம் கொடுக்காது. உங்கள் தரவுத்தளத்தின் அளவைக் கேட்டறியுங்கள்.

மற்றது அனுமதி. முதல் நாள் பிரதியில் உங்களுக்கு அனுமதி கொடுப்பார்கள், வேலை செய்யும். அடுத்த நாள் காலை உள்ளே போக முடியாது. எல்லோரும் கடவுச்சொல்லைச் சந்தேகிப்பார்கள். நடந்தது என்னவென்றால், இரவு மீட்டெடுத்தபோது பிரதியில் கொடுத்த அனுமதி, பிரதியில் செய்த வியூ எல்லாம் அழிந்து மூலத்தில் உள்ளதே திரும்ப வந்துவிட்டது. அதனால் மீட்டெடுத்ததும் ஓட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். முக்கியமான பகுதி இவ்வளவுதான்:

```sql
CREATE VIEW report.DailySales AS
SELECT InvoiceDate, BranchCode, RepCode,
       ItemCode, Qty, NetAmount, VatAmount
FROM dbo.InvoiceLine
WHERE Status <> 'D';
GO
GRANT SELECT ON SCHEMA::report TO SalesReportReaders;
```

அட்டவணைப் பெயர்கள் என் ஊகம், உங்களுடையது வேறாக இருக்கும். `report` என்ற ஸ்கீமாவை அதே ஸ்கிரிப்டில் இதற்கு முன்பே உருவாக்கி, அதன் உரிமையாளராக `dbo`வையே வைக்க வேண்டும். அப்போது வியூவை வாசிக்க முடியும், அடியில் உள்ள அட்டவணையைத் தொட முடியாது. `SalesReportReaders` என்பது விண்டோஸ் குழுவாக இருக்கட்டும். ஆள் மாறினால் குழுவில் மாற்றினால் போதும், எக்செல் கோப்புக்குள் கடவுச்சொல்லும் தங்காது.

வரியைத் தனி நிரலாகக் கேட்டது வேண்டுமென்றே. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 சதவீதமானது. வரியோடு சேர்ந்த தொகையை ஒப்பிட்டால், ஒரு பெட்டிகூடக் கூடுதலாக விற்காமலே அந்த மாதம் சுமார் 2.6 சதவீதம் வளர்ச்சி தெரியும்.

ஓய்வுபெற்ற_ஓடிட்டர்

தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளை அனுப்பிய குறிப்பில் எனக்கு முதலில் பட்டது வேறு. அதில் தரவின் சொந்தக்காரர் இல்லை. ஐ.ரி. பிரிவு தரவைக் காப்பவர்கள், விற்பனைத் தரவு விற்பனை முகாமையாளருடையது. யார் பார்க்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் ஒப்புதல் இல்லாமல் ஐ.ரி. தலைவர் கொடுத்தால், அடுத்த கணக்காய்வில் அவர் பெயர்தான் எழுதப்படும். மறுப்பது அவருக்குப் பாதுகாப்பு.

முடிவுத் திகதியும் வேண்டும். வேலையை விட்டுப் போய் நெடுங்காலமானவர்களின் கணக்குகள் திறந்தே கிடந்ததை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கிறேன் என்று நீங்களே எழுதுங்கள். இரண்டு பேருக்கு ஒரே கணக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மழைநாள்_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. திருத்திய குறிப்பு இது. அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்:

> வணக்கம். முன்பு அனுப்பிய கோரிக்கையை மீளப்பெறுகிறேன், அதற்குப் பதிலாக இதைப் பரிசீலியுங்கள்.
>
> தினமும் காலை 8.30 கூட்டத்துக்கு முந்தைய நாள் விற்பனையைக் கிளை, பிரதிநிதி, பொருள் வாரியாகத் தருவது என் பொறுப்பு. மாதிரி அறிக்கையை இணைத்துள்ளேன். அதில் உள்ள நிரல்களுக்கு மேல் எனக்கு எதுவும் தேவையில்லை. வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடன் எல்லை, கமிஷன் ஆகியவை வேண்டாம். காலம்: நடப்பு மாதமும் அதற்கு முந்தைய 12 மாதங்களும்.
>
> ஓடும் சேர்வருக்கு அனுமதி கேட்கவில்லை. இரவுக் காப்புப் பிரதியை வேறொரு சேர்வரில் மீட்டெடுத்து, அதில் ஒரு வியூவை வாசிக்க அனுமதித்தால் போதும். காப்புப் பிரதி மீள்கிறதா என்ற சோதனையும் இதனால் தினமும் நடக்கும். பிரதி ஒரு நாள் தயாராகவில்லை என்றால் அன்றைய அறிக்கை தாமதமாகும், அதை ஏற்றுக்கொள்கிறோம்.
>
> எக்செலின் பவர் குவெரி மூலம் காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஒருமுறை புதுப்பிப்பேன். அலுவலக வலையமைப்பிலிருந்து மட்டும், என் விண்டோஸ் கணக்கால். நான் லீவில் இருக்கும்போது செய்பவரின் பெயரையும் தனியாகத் தந்துள்ளேன். எங்கள் வினவல் எதற்காவது இடைஞ்சல் என்று கண்டால் கேட்காமலே நிறுத்தலாம், பிறகு சொன்னால் போதும்.
>
> விற்பனை முகாமையாளரின் ஒப்புதல் இணைப்பில் உள்ளது. அனுமதியை ஆறு மாதத்துக்குத் தாருங்கள், தொடர வேண்டுமானால் மீண்டும் கேட்கிறேன். இரண்டு விவரம் தெரிந்தால் நல்லது: இன்வொய்ஸ் திகதி எந்த நேரத்தில் சேமிக்கப்படுகிறது, இரத்தான இன்வொய்ஸ் எப்படிக் குறிக்கப்படுகிறது?

இரவுநேர_சேர்வர்

கேட்காமலே நிறுத்தலாம் என்ற வரிக்காகவே நான் அனுமதி கொடுப்பேன். அந்த ஒரு சொல்லுக்காக ஐ.ரி. ஆட்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பேலியகொடை_விடியல்

இரத்தான இன்வொய்ஸைக் கேட்டது நல்லது. மேலே உள்ள வியூவில் `Status <> 'D'` என்று இருக்கிறதே, `Status` வெறுமையாக விடப்பட்ட வரிகளும் அதனால் அறிக்கையில் வராமல் விடுபட்டுவிடும். எங்கள் மென்பொருளில் பழைய இன்வொய்ஸ்களில் அந்த நிரல் `NULL` ஆகத்தான் இருக்கிறது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி வானத்தைத் தொடும்.

இரவுநேர_சேர்வர்

சரியான பிடி. `WHERE Status <> 'D' OR Status IS NULL` என்று மாற்றுங்கள். அதற்கும் முன்னால், முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்துக் கணக்குப் பிரிவு மூடிய தொகையோடு கிளை வாரியாக ஒப்பிடுங்கள். பொருந்தாமல் முதல் அறிக்கையை வெளியே விடாதீர்கள்.

மழைநாள்_கணக்கு

பதில் வந்துவிட்டது, இந்த முறை ஒரு வரியல்ல. பிரதிக்குக் கொள்கையளவில் சம்மதம். தரவுத்தளம் 10 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டதாம், அதனால் உரிமம் உள்ள வேறொரு சேர்வரில் இடம் பார்க்கிறார்கள். அதுவரை அந்தத் தம்பியின் கோப்பு ஏற்றுமதியை இரவில் தானாக ஓடும்படி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திகதி நம் நேரத்தில்தான் சேமிக்கப்படுகிறது.

ஒன்று மட்டும் சிக்கியிருக்கிறது. தரவுத்தளத்தில் வியூ சேர்ப்பதே மாற்றம், பராமரிப்பு ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்காது என்று மென்பொருள் கம்பனி சொல்கிறதாம். பிரதியில் சேர்த்தாலும் அப்படித்தானா?

இரவுநேர_சேர்வர்

தொழில்நுட்ப ரீதியாக, பிரதியில் என்ன செய்தாலும் மூலத்தைத் தொடாது, இரவானால் அழிந்தும் போகும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? வியூவைத் தனித் தரவுத்தளத்தில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்படி வைத்தால் மேலே சொன்ன பாதுகாப்பு அப்படியே வராது, ஏனென்றால் தரவுத்தளம் தாண்டிய உரிமைத் தொடர் சாதாரணமாக முடக்கி வைக்கப்பட்டிருக்கும். அப்போது அடி அட்டவணைக்கும் அனுமதி கொடுக்க வேண்டிவரும்.

ஓய்வுபெற்ற_ஓடிட்டர்

இல்லை தம்பி, எழுதியிருப்பது முக்கியம். தரவு கம்பனியுடையது, மென்பொருள்தான் அவர்களுடையது. ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும்.

புறக்கோட்டைப்_பொடியன்

நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். போன மாதம் பொருந்துகிறது, அதற்கு முந்தைய மாதம் ஒரு கிளையில் வித்தியாசம் வருகிறது. `NOLOCK`தான் காரணமா, திரும்பி வந்த சரக்கா என்று தெரியவில்லை. எடுத்துவிட்டு ஓட்டினால் மாதக் கடைசியில் எல்லோரும் சத்தம் போடுவார்கள், என்ன செய்வது?

இரவுநேர_சேர்வர்

மாதக் கடைசியில் ஏன் ஓட்டுகிறீர்கள்? இரவு 10 மணிக்குப் பிறகு, அதே மாதத்துக்கு, `NOLOCK` இல்லாமல் ஒருமுறை ஓட்டி இரண்டையும் இன்வொய்ஸ் இலக்கம் வாரியாக ஒட்டிப் பாருங்கள். பழைய முடிவில் ஒரே இலக்கத்தின் ஒரே வரி இரண்டு தரம் இருந்தாலோ, ஏதாவது வரி விடுபட்டிருந்தாலோ உங்கள் பதில் அங்கே இருக்கிறது. இல்லையென்றால் திரும்பி வந்த சரக்கைத் தேடுங்கள்.